பெரியம்மாவின் ஆயிரம் ரூபாய் பென்ஷன்: எந்தக் கணக்கு, எந்தச் சரிபார்ப்பு?

"அம்மாவுக்கு பேங்க் கணக்கே கிடையாது. பட்டன் போன்தான். பென்ஷனுக்கு எழுதிப் போட்டால் பாஸ்புக் கேட்கிறார்கள், ஓடிபி கேட்கிறார்கள், வருடா வருடம் உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?" இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் பல விதமாகக் கேட்டுவிட்டார்கள். நானும் ஒரு காலத்தில் இதைக் கேட்டுக்கொண்டு அலைந்தவன்தான்.

என் பெரியப்பா ராஜபாளையம் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இபிஎஃப் பென்ஷனாக மாதம் 1,850 ரூபாய் வந்துகொண்டிருந்தது. அவர் போன பிறகு பெரியம்மாவுக்கு அதில் பாதி வர வேண்டும். பாதி என்றால் 925. ஆனால் இந்தத் திட்டத்தில் விதவைக்கான குறைந்தபட்ச பென்ஷன் 2014 செப்டம்பரிலிருந்து 1,000 ரூபாய் என்பதால் ஆயிரமாகிவிடும். பெரியம்மாவுக்கு அப்போது 74 வயது. கைநாட்டுதான். பேங்க், கேஸ், கரண்டு பில் எல்லாமே பெரியப்பா பெயரில் இருந்தன. மகன் திருப்பூரில், நான் சென்னையில்.

இதில் தீர்க்க வேண்டிய முடிச்சு இரண்டு. பணம் எந்தக் கணக்கில் விழ வேண்டும் என்பது ஒன்று. உயிர்வாழ் சான்றை எந்த வழியில் கொடுப்பது என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே இடத்தில் முடிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கு ஒரு பேங்கில் இருக்கலாம், பணத்தை வேறொருவர் மூலம் எடுக்கலாம், சான்றை மூன்றாவது ஆள் போனில் கொடுக்கலாம். தடை ஒன்றும் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

நான்கே கேள்விகள். மாதம் ஒரு முறை ஆயிரம் ரூபாயைக் கையில் வாங்க எவ்வளவு செலவாகும்? பணம் உண்மையிலேயே அவர் கையில்தான் இருக்குமா? கைரேகை பதியாத நாளில் வேறு வழி உண்டா? நாம் ஊரில் இல்லாவிட்டாலும் இது ஓடுமா?

கடைசிக் கேள்விக்கு நான் அதிக எடை கொடுப்பேன். பிள்ளைகள் லீவில் வந்து உற்சாகமாக ஏற்பாடு செய்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு மாதம் கழித்து ஓடிபி வரும் எண் திருப்பூரில் ஷிப்டில் இருக்கும்.

## அதற்கு முன் ஒரு வேலை: ஆதாரில் இருக்கும் போன் எண்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஆதாரில் உயிரோடு இருக்கும் ஒரு எண் பதிவாகியிருப்பது நல்லது. ஓடிபி வருவதற்கு ஸ்மார்ட்போன் தேவையில்லை, பட்டன் போன் போதும். எண்ணைச் சேர்க்க எந்த ஆவணமும் வேண்டாம். ரேகை வைத்தால் போதும். ஆதார் மையத்தில் செய்யலாம், இந்தச் சேவை இருக்கும் தபால்காரரே வீட்டுக்கு வந்தும் செய்து தருவார். 2025 அக்டோபரிலிருந்து ஆதார் விவரம் திருத்தக் கட்டணம் 75 ரூபாய்.

யார் எண்ணைக் கொடுப்பது? மகன் எண்ணைக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரியம்மாவின் பட்டன் போன் எண்ணையே கொடுத்தோம். பணம் வந்த எஸ்எம்எஸ் அவர் போனில் வந்தால்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்டிக் கேட்க முடியும். இதில் ஒளிந்திருக்கும் செலவு ரீசார்ஜ். அதை விட்டுவிட்டால் எண் போய்விடும், பிறகு யாரோ ஒருவருக்கு அதை ஒதுக்கிவிடுவார்கள். அதனால் ரீசார்ஜ் மட்டும் மகன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

## முதல் முடிச்சு: எந்தக் கணக்கு?

| | பேங்க் கிளையில் ஜீரோ பேலன்ஸ் | தபால்துறை பேமெண்ட்ஸ் பேங்க் | பிள்ளையோடு கூட்டுக் கணக்கு |
|---|---|---|---|
| தொடங்க | ஒரு முறை கிளைக்குப் போக வேண்டும் | வீட்டிலேயே, ரேகை வைத்து | இருவரும் கிளைக்குப் போக வேண்டும் |
| பணம் எடுக்க | கிளை, ஊரிலுள்ள பேங்க் மித்ரா, தபால்காரர் | தபால்காரர், தபால் நிலையம் | பெரும்பாலும் பிள்ளையின் ஏடிஎம் கார்டு |
| ரேகை பதியாவிட்டால் | கிளையில் கைநாட்டு வைத்து எடுக்கலாம் | ஓடிபி அல்லது முகச் சரிபார்ப்பை நம்ப வேண்டும் | சிக்கல் இல்லை |
| பணம் யார் கையில் | அவர் கையில் | அவர் கையில் | பிள்ளையைப் பொறுத்தது |

### பேங்க் கிளையில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு

ஜன்தன் கணக்கு என்று கேட்டால் எல்லாக் கிளைகளிலும் தெரியும். ஆதார், போட்டோ, பான் இல்லாதவர்களுக்கு படிவம் 60, அவ்வளவுதான். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. கைநாட்டு வைப்பவர்களுக்கு ஏடிஎம் கார்டு தரப் பல கிளைகளில் தயங்குவார்கள். பெரியம்மாவுக்கும் தரவில்லை. கார்டும் அதன் மேல் எழுதிய பின் நம்பரும் ஒரே சுருக்குப்பையில் கிடப்பதைவிட அதுவே நல்லது என்று விட்டுவிட்டோம்.

இதன் பெரிய பலம், பணம் எடுக்க மூன்று வாசல்கள் இருப்பது. கிளையில் எடுக்கலாம். ஊரில் சின்ன மெஷின் வைத்திருக்கும் பேங்க் மித்ராவிடம் ஆதார் எண்ணும் ரேகையும் கொடுத்து எடுக்கலாம். அதே முறையில் தபால்காரரிடமும் எடுக்கலாம். கடைசி வழி பலருக்குத் தெரிவதில்லை. தபால்காரரிடம் பணம் எடுக்கத் தபால்துறை பேங்கில் கணக்கு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்த பேங்காக இருந்தாலும் அந்தக் கணக்கில் ஆதார் இணைந்திருந்தால் போதும்.

ஒளிந்திருக்கும் செலவு எங்கே என்றால், கிளைக்குப் போகும் ஆட்டோவில். பெரியம்மா ஊரிலிருந்து போய்வர 300 ரூபாய். மாதா மாதம் போனால் பென்ஷனில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஆட்டோவுக்கே போய்விடும். அதனால் கிளை என்பது ரேகை கைவிடும் நாளுக்கு மட்டும். அந்த நாளில் அதன் அருமை தெரியும். கையெழுத்துப் போட முடியாத, நோயுற்ற பென்ஷனர் கைநாட்டோ கால் விரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதிகளில் இடம் இருக்கிறது. சாட்சி இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் பேங்க் அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் தரும் வசதியைச் செய்துகொடுக்க வேண்டும் என்றும் 2017-ல் பேங்குகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கேட்டால்தான் பேச்சே எடுப்பார்கள், அது வேறு விஷயம்.

பேங்க் மித்ராவிடம் எடுக்கும்போது இரண்டு விஷயங்களைப் பெரியம்மாவுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தோம். ஒன்று, கமிஷன் கிடையாது. வாடிக்கையாளரிடம் அவர் நேரடியாகக் கட்டணம் வாங்கக் கூடாது. பேங்க்தான் அவருக்குக் கொடுக்கும். இரண்டு, "ரேகை விழல, இன்னொரு தடவை வைங்க பாட்டி" என்றால் முதல் முயற்சிக்கான சீட்டைக் கேட்க வேண்டும். தோற்ற முயற்சிக்கும் சீட்டு உண்டு. கேட்கும் பாட்டியிடம் யாரும் இரண்டு முறை எடுத்துவிட்டு ஒரு முறைக்கான பணத்தைக் கொடுக்க மாட்டார்கள்.

### தபால்துறை பேமெண்ட்ஸ் பேங்க்

இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் 2018 செப்டம்பரில் தொடங்கியது. தபால்காரர் போனும் ரேகை மெஷினும் கொண்டுவந்து திண்ணையிலேயே கணக்கைத் திறந்து கொடுத்துவிடுவார். படுத்த படுக்கையாக இருப்பவர், பேங்க் கிளை 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்க்காரர், இவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் இதற்குக் கிளை என்று தனியாகப் போய் நிற்கும் இடம் எல்லா ஊரிலும் இல்லை. எல்லாமே அந்த ஒரு தபால்காரரைச் சுற்றியே ஓடும். அவர் மாற்றலாகிப் போனாலோ, அவரிடம் அன்றைக்குக் கையில் பணம் இல்லையென்றாலோ, காத்திருக்க வேண்டியதுதான். இன்னொன்று, உங்கள் பென்ஷன் அலுவலகம் பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கை ஏற்றுக்கொள்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். இபிஎஃப் பென்ஷன் 2025 ஜனவரியிலிருந்து நாட்டில் எந்த பேங்கின் எந்தக் கிளைக்கும் வரும்படி மாற்றப்பட்டிருக்கிறது. இருந்தாலும் எழுதிப்போட்ட பிறகு கணக்கை மாற்றுவதைவிட முன்பே ஒரு வார்த்தை கேட்பது மேல்.

ஏற்கெனவே வேறு கணக்கு இருப்பவர்கள் சௌகரியத்துக்காக இதையும் திறக்கும்போதுதான் பெரிய குழப்பம் வரும். கேஸ் மானியம் போன்ற அரசுப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் கடைசியாக எந்த பேங்கோடு அதற்கென இணைக்கப்பட்டதோ அங்கே போய் விழும். புதுக் கணக்கு திறக்கும்போது "மானியம் எல்லாம் இங்கேயே வரட்டுமா?" என்ற கட்டத்தில் டிக் விழுந்தால் பழைய கணக்குக்கு வந்துகொண்டிருந்தது நின்றுவிடும். பணம் எங்கும் தொலையவில்லை, வேறு கணக்கில் கிடக்கிறது. ஆதார் இணையதளத்தில் ஓடிபி கொடுத்து உள்ளே போனால் Bank Seeding Status என்ற இடத்தில் இப்போது எந்த பேங்க் என்று காட்டும். கணக்கு எண்ணைக் கொடுத்து வாங்கும் இபிஎஃப் பென்ஷனுக்கு இந்தக் குழப்பம் இல்லை.

### பிள்ளையோடு கூட்டுக் கணக்கு

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். எங்களுக்கும் தோன்றியது. பென்ஷன் வாங்குபவர் பெயரில் தனிக் கணக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், விஷயம் அத்தோடு முடிந்தது. பொதுவாக பென்ஷன் கணக்குகளில் கணவன் மனைவி சேர்ந்து இருக்கலாம். பிள்ளைகளைச் சேர்த்தால் ஒத்துக்கொள்வது அரிது. விதி இடம் கொடுத்தாலும் நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன். கார்டு திருப்பூரில் இருக்க, பெரியம்மா தன் பணத்தைத் தானே போன் போட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். நினைவு தப்பத் தொடங்கிய பெரியவர் என்றால் மட்டும் நிலைமை வேறு. அப்போதும் கூட்டுக் கணக்குக்கு முன், அவர் கணக்கை இன்னொருவர் இயக்க எழுதிக் கொடுக்கும் அதிகாரக் கடிதத்தைப் பற்றிக் கிளையில் பேசிப் பாருங்கள்.

நாங்கள் எடுத்தது பேங்க் கிளைக் கணக்கு. கணக்கைத் திறந்து, பாஸ்புக்கின் முதல் பக்கத்தை நகல் எடுத்து, அப்புறம்தான் விதவை பென்ஷனுக்கான 10-டி படிவம். இந்த வரிசையை மாற்றினால் படிவம் திரும்பி வரும்.

## இரண்டாவது முடிச்சு: உயிர்வாழ் சான்று

பென்ஷன் வர ஆரம்பித்த பிறகு வருடத்துக்கு ஒரு முறை ஜீவன் பிரமான் என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்றைக் கொடுக்க வேண்டும். இதில் சரிபார்ப்பது ரேகை, கண், முகம் இவற்றில் ஒன்றை. எது ஒத்துவரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. ரேஷன் கடையில் கவனியுங்கள். பெரியம்மா ரேகை வைத்தால் மூன்று முறை சிவப்பு விளக்கு எரியும். விற்பனையாளர் சலித்துப்போய், "நடு விரல வைங்கம்மா" என்பார். சில நாள் அது பதியும். வாழ்நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்து, பருத்தி எடுத்து, சுண்ணாம்பு தொட்ட விரல்களில் ரேகை வழவழத்துப் போயிருக்கும். ரேஷன் கடையில் திணறும் விரல் சான்று கொடுக்கும் இடத்திலும் திணறும்.

### இ-சேவை மையம் அல்லது பேங்க் கிளை, ரேகை வைத்து

ரேகை நன்றாகப் பதிபவர்களுக்கு இதுதான் வேகமான வழி. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆட்டோ, காத்திருப்பு, மையத்தின் கட்டணம் இவைதான் செலவு. நவம்பரில் போகாதீர்கள். மத்திய அரசு பென்ஷனர்கள் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வருவார்கள்.

இங்கே எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் வருடம் ஒரு மையத்தில் ரேகை பதிந்து, பிரமான் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்து, நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம். இரண்டு மாதம் கழித்து பென்ஷன் நின்றுவிட்டது. போய்க் கேட்டால், படிவத்தில் "மறுமணம்" என்ற இடத்தில் "ஆம்" என்று இருந்ததாம். தட்டச்சு செய்த பையனுக்குக் கை தவறிவிட்டது. 74 வயதில் தனக்குக் கல்யாணம் ஆகிவிட்ட செய்தியைக் கேட்டு பெரியம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சான்றைத் திரும்பக் கொடுத்து, நிலுவையோடு பணம் வர அடுத்த மாதம் ஆனது.

இதில் இரண்டு பாடம். பிரமான் எண் வந்தால் சான்று உருவாகிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம், பென்ஷன் அலுவலகம் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தமில்லை. சில நாள் கழித்து jeevanpramaan.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டு, ஏற்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அப்புறம், "அனுப்பு" அழுத்தும் முன் நான்கு இடங்களை நீங்களே படித்துப் பாருங்கள்: பென்ஷன் உத்தரவில் இருக்கும் பிபிஓ எண், கணக்கு எண், பென்ஷன் வழங்கும் அமைப்பு, மறுமணம். சான்று திரும்பி வருவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றால்தான்.

### தபால்காரர், வீட்டு வாசலில்

தபால்காரரிடம் நேரில் சொன்னால் போதும். இல்லையென்றால் 155299 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். கட்டணம் 70 ரூபாய் என்றிருந்தது. இபிஎஃப் பென்ஷனர்களுக்கு இதை இலவசமாகச் செய்துதர 2025 நவம்பரில் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அதனால் அவர்கள் பணம் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோ செலவோடு ஒப்பிட்டால் 70 ரூபாயே மலிவுதான். பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லாத பெரியவருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். பிபிஓ எண், பாஸ்புக், ஆதார் மூன்றின் நகலையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு சாமி அலமாரியில் வைத்துவிடுங்கள். தபால்காரர் வரும்போது பெரியவர் எதையும் தேட வேண்டியிருக்காது.

### உறவினர் போனில், முகத்தைக் காட்டி

2021 நவம்பரில் வந்த வழி இது. ஸ்மார்ட்போன் பென்ஷனருடையதாக இருக்க வேண்டியதில்லை. என் ஆண்ட்ராய்டு போனில் AadhaarFaceRD, ஜீவன் பிரமான் முகச் சரிபார்ப்புச் செயலி இரண்டையும் போட்டேன். முதலில் "ஆபரேட்டர்" என்ற முறையில் என் ஆதாரையும் முகத்தையும் கேட்டது. அது ஒரு முறைதான். அதன்பின் பெரியம்மாவின் ஆதார் எண், பட்டன் போனுக்கு வந்த ஓடிபி, பென்ஷன் விவரங்கள், கடைசியில் அவர் முகம். ஒரே போனில் தெருவில் இருக்கும் எத்தனை பென்ஷனருக்கும் செய்யலாம். செலவு எதுவும் இல்லை.

எங்கே தடுக்கும்? வெளிச்சத்தில்தான். முதலில் வீட்டுக்குள் ட்யூப் லைட்டுக்குக் கீழே உட்கார வைத்தேன். நான்கு முறை தோற்றது. திண்ணையில் தெருவைப் பார்த்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். திரையில் வட்டம் வந்ததும் கண்ணைச் சிமிட்ட வேண்டும். பெரியம்மா போட்டோ எடுப்பதாக நினைத்துக் கண்ணை அகல விரித்துச் சிலையாக உட்கார்ந்திருந்தார். "பெரிம்மா, கண்ணு சிமிட்டுங்க" என்றதும் பச்சை விழுந்தது.

ஆதாரில் இருக்கும் படம் பத்துப் பன்னிரண்டு வருடம் பழையது, இடையில் ஆள் ரொம்ப மெலிந்துவிட்டார் என்றால் முகமும் தோற்கலாம். அதற்கு ஆதார் மையத்தில் ரேகை, கண், முகம் எல்லாவற்றையும் புதிதாக எடுக்க வேண்டும். கட்டணம் 125 ரூபாய். இதைத் தபால்காரர் வீட்டில் செய்துதர முடியாது, நேரில் போக வேண்டும். நன்றாக நடமாடும்போதே ஒரு முறை இதை முடித்துவிடுவது நல்லது. கண்புரை அறுவை நடக்கப்போகிறது என்றால் அது ஆறிய பிறகு போங்கள்.

## யாருக்கு எது

பிள்ளை அதே ஊரில் இருந்தால் பேங்க் கணக்கு, முகச் சரிபார்ப்பு. யாருமே பக்கத்தில் இல்லை, ஆனால் ஊரில் பேங்க் மித்ரா இருக்கிறார் என்றால் பேங்க் கணக்கு, சான்றுக்குத் தபால்காரர். படுக்கையில் இருப்பவர் என்றால் இரண்டுக்குமே தபால்காரர்தான். பென்ஷன் அலுவலகம் அந்தக் கணக்கை ஏற்கிறதா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ரேகை, கண், முகம் மூன்றுமே தோற்றால் அலைந்து அலைந்து முயற்சி செய்வதைவிட, பென்ஷன் வழங்கும் அலுவலகத்துக்குத் தோற்ற விவரத்தை எழுதிக் கொடுத்து வேறு வழி கேட்பதே சரி.

இபிஎஃப் பென்ஷனில் ஒரு சௌகரியம் உண்டு. நவம்பர்தான் என்ற கட்டாயமில்லை. எந்தத் தேதியில் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஒரு வருடம் செல்லும். அதனால் நான் ஊருக்குப் போகும் நாளோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று முதலில் தீபாவளியை நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் சரிவரவில்லை. 2025-ல் தீபாவளி அக்டோபர் 20. அடுத்தது 2026 நவம்பர் 8. நடுவில் 19 நாள் சான்று காலாவதியாகிக் கிடக்கும். பொங்கல் அப்படி நகராது. போகியன்று காலை பழையதை எரித்து முடித்ததும் திண்ணையில் வெயில் விழும் நேரம், பெரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறார்.